காதல் பாட்டில் எதை எழுதாமல் விடுவது?

காதல் பாட்டு எழுத உட்கார்ந்தால் கூப்பிடாமலே வந்து வரிசையில் நிற்கும் சொற்கள் சில உண்டு. ஏக்கம், தவிப்பு, தனிமை, உயிர், நெஞ்சம், வலி. மெட்டு எதுவாக இருந்தாலும் இவற்றில் ஒன்று சந்தத்துக்குள் உட்கார்ந்துவிடும். இப்போது இன்னொரு சொல்லும் அந்த வரிசையில் சேர்ந்திருக்கிறது: மௌனம். மௌனத்தைப் பற்றி இவ்வளவு சத்தமாகப் பாடுகிற சினிமா நம்முடையது மட்டும்தானோ என்று எனக்கு அவ்வப்போது தோன்றும். ஒரு பாட்டுக்குள் மௌனம் வேலை செய்ய வேண்டுமென்றால், அந்தச் சொல்லைத்தான் முதலில் வெளியே அனுப்ப வேண்டும்.

சொல்லாமல் விடுவது எப்படி என்று பார்க்க, கபிலர் எழுதிய ஐந்தடிப் பாட்டு ஒன்று போதும். குறுந்தொகையில் 25ஆவது பாட்டு. குறுந்தொகைப் பாட்டுகள் பெரும்பாலும் நாலடி முதல் எட்டடிக்குள் முடிபவை. இன்றைய சினிமாப் பாட்டில் ஒரு பல்லவியும் பாதிச் சரணமும் பிடிக்கிற இடம். அதற்குள் ஒரு முழு வாழ்க்கையின் சிக்கலைக் கபிலர் வைத்திருக்கிறார்.

பாட்டில் பேசுபவள் தலைவி, கேட்பவள் தோழி. தலைவனும் அவளும் யாருக்கும் தெரியாமல் கூடியவர்கள். மணம் பேச வருவதாகச் சொன்னவன் நாளைக் கடத்திக்கொண்டே போகிறான். அவள் சொல்வது இவ்வளவுதான்: அன்றைக்கு அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான் இருந்தான். அவனே இல்லையென்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்ய முடியும்? தினைத்தாள் போல மெல்லிய பசுங்கால்களோடு, ஓடுகிற நீரில் ஆரல் மீனுக்காகப் பார்த்து நின்ற ஒரு குருகும் அங்கே இருந்தது, அவன் என்னைக் கூடிய அந்த நாளில்.

அழுகை, பயம், காதல், ஏமாற்றம் என்று எந்த உணர்ச்சியின் பெயரும் இதில் இல்லை. பேச்சு முழுக்கச் சாட்சி பற்றியது. ஒரு வழக்குக்கு யார் யார் இருந்தார்கள் என்று கணக்குச் சொல்வதுபோல் சொல்கிறாள். ஆனால் யாரும் இல்லை என்று தொடங்கியவள், பேசி முடிக்கும்போது ஒரு பறவையைக் கொண்டுவந்து நிறுத்துகிறாள். மனிதச் சாட்சி இல்லாதவள் கொக்கைத் தேடிப் போகிறாள் என்றால் அவள் நிலை எப்படி இருக்கும் என்பதை நாம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். அந்தக் கொக்கும் அவளைப் பார்க்கவில்லை, மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. பேச வாயும் இல்லை, பார்த்த கண்ணும் இல்லை. அப்படிப்பட்ட ஒன்றுதான் அவளுக்கு மிஞ்சிய சாட்சி.

இதிலே நான் திரும்பத் திரும்ப நின்று பார்ப்பது, குருகு என்ற சொல்லின் வாலில் கபிலர் வைத்த ஓர் 'உம்'. இலக்கண வகுப்பில் எச்சவும்மை என்று படித்துவிட்டு மறந்திருப்போம். 'மழையும் வந்தது' என்றால் வேறு எதுவோ ஏற்கெனவே வந்திருக்கிறது என்று பொருள். 'குருகும்' என்னும்போது, இல்லை என்று முன்பு அடித்துச் சொன்ன இடத்தில் ஓர் ஆளைச் சேர்க்கிறாள். 'இல்லை, இருந்தது' என்று தன் வாக்குமூலத்தைத் தானே திருத்திக்கொள்கிற அந்த நொடியில் அவளுடைய கலக்கம் முழுவதும் வெளியே தெரிந்துவிடுகிறது. 'கலங்கினேன்' என்று அவள் சொல்லியிருந்தால் இந்த உம்முக்கு வேலையே இல்லாமல் போயிருக்கும்.

அந்தக் குருகைத் தலைவனாகவும் படிக்கலாம். அசையாமல் நின்று, தன் இரையிலேயே கண்ணாக இருந்து, கிடைத்ததும் பறந்துபோகிற பறவை. உள்ளுறை என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான்: உவமை என்று சொல்லாமலே ஓர் உவமையை நிலக்காட்சிக்குள் புதைத்து வைப்பது. தினைத்தாளும் சும்மா வந்த உவமை என்று எனக்குத் தோன்றவில்லை. தினைப்புனத்தில் கிளி ஓட்டப் போன இடத்தில்தான் குறிஞ்சிநிலக் காதலர் சந்திப்பார்கள். கதிர் அறுத்தபின் புனத்தில் நிற்பது வெறும் தாள். காவலும் முடிந்தது, சந்திப்பும் முடிந்தது. இது என் வாசிப்பு, வேறு விதமாகவும் படிக்கலாம். அவள் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் இத்தனை வாசிப்புக்கு இடம் இருந்திருக்காது.

இந்த மாதிரி விடுபடலுக்குத் தொல்காப்பியம் தனி இடமே ஒதுக்கியிருக்கிறது. செய்யுளியலில் செய்யுளுக்கு உறுப்புகள் என்று 34 எண்ணிச் சொல்லப்படுகின்றன. எழுத்து, அசை, சீர், அடி எல்லாம் வருகிற அதே பட்டியலில் 'எச்சம்' என்பதும் ஓர் உறுப்பு. விட்டுப்போனதைக் கேட்பவர் ஒரு சொல்லைச் சேர்த்து நிரப்பலாம், அல்லது குறிப்பால் உணர்ந்து நிரப்பலாம் என்று அங்கே இரண்டு வகை பிரிக்கப்பட்டிருக்கிறது. அதே பட்டியலில் 'கூற்று', 'கேட்போர்' என்ற இரண்டும் வருகின்றன. யார் சொல்வது, யார் கேட்பது. பாட்டெழுதுகிறவருக்கு இந்த மூன்றும் சேர்ந்துதான் பயன்படும். தலைவி இவ்வளவு குறைவாகப் பேசியும் நமக்குப் புரிகிறதென்றால், கேட்பவள் தோழி என்பதால்தான். தோழிக்கு எல்லாம் தெரியும். தெரிந்தவளிடம் யாரும் 'நான் இவனைக் காதலித்தேன், இப்போது பயமாக இருக்கிறது' என்று விளக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்ததை விட்டால் அது இயல்பான பேச்சு. தெரியாததை விட்டால் அது விடுகதை.

சரி, இதை இன்றைய மெட்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது? ஒரு சூழ்நிலையை எடுத்துக்கொள்வோம். கணவன் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போயிருக்கிறான். மனைவி ஊரில் இருக்கிறாள். அவள் பாடுகிறாள். இசையமைப்பாளர் தந்த தத்தகாரம் 'தான தான தான தானா'. ஆதி தாளத்தில் ஒரு வரிக்கு ஒரு ஆவர்த்தனம், அதாவது 8 எண்ணிக்கை. ஒரு சீருக்கு இரண்டு எண்ணிக்கை. கை தானாக எழுதுகிற பல்லவி இப்படி வரும்:

ஏங்கி ஏங்கித் தேம்புகின்றேன்
தூக்கம் போயி வாடுகின்றேன்
நீயிலாமல் நானும் இல்லை
நெஞ்சு தீயாய் வேகுதய்யா

சந்தம் சரியாக உட்கார்ந்திருக்கிறது, பாடவும் வரும். ஆனால் நான்கு வரியிலும் அவள் தன் நிலைமையைத் தானே அறிவிக்கிறாள். கேட்பவருக்குச் செய்ய வேலை இல்லை. இன்னொன்று, இந்த நான்கு வரியை எந்த ஊர்ப் பெண்ணும் எந்தக் காலத்திலும் பாடலாம். அதனாலேயே இந்தப் பெண் யாரென்று நமக்குத் தெரியாது. மெட்டு ஏற்கெனவே சோகமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். வயலினும் அழுகிறது, குரலும் அழுகிறது, வரியும் அழுகிறது.

உணர்ச்சிச் சொற்களை அடித்துவிட்டு, அவள் வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே என்ன இருக்கிறது? அவன் ஓட்டிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிள் திண்ணை ஓரம் நிற்கிறது. 'வாரத்துக்கு ஒருதரம் ஸ்டார்ட் பண்ணி வை, இல்லேன்னா பேட்டரி போயிடும்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அவள் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணுவாள். அவன் உயரமானவன். பின்பார்வைக் கண்ணாடி அவன் கண்மட்டத்துக்குத் திருப்பியபடியே இருக்கிறது. குட்டையான அவள் உட்கார்ந்து பார்த்தால் அதில் முகமும் தெரியாது, பின்னால் இருக்கிற தெருவும் தெரியாது. மேலே இருப்பதுதான் தெரியும்.

இது கிடைத்தவுடன் பாட்டு பாதி முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஏனென்றால் அவளுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிட்டது. கபிலரின் தலைவிக்குச் சாட்சிக் கணக்கு எப்படியோ, அப்படி இவளுக்கு பேட்டரி. பாத்திரத்தின் வாயில் பேசுவதற்கு ஒரு காரியம் இருக்க வேண்டும். அந்தக் காரியத்தைப் பற்றி அவள் பேசிக்கொண்டே போக, அதற்கு அடியில் இருப்பதை நாம் கேட்போம். பேச ஒரு காரியமும் இல்லாமல் உணர்ச்சியை மட்டும் மறைத்தால் பாட்டில் வெற்றிடம்தான் மிஞ்சும்.

முதல் மாற்றம் இப்படி வரலாம்:

ஞாயிறானா சாவி போட்டு
கொஞ்ச நேரம் ஓட விட்டு
நீ திருப்பி வச்ச கண்ணாடி
வேப்பங் கிளையும் வானமும்

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கதை தெரியாத ஒருவரிடம் இதை வாசித்துக் காட்டினால் மாட்டிக்கொள்ளும். 'என்ன சாவி, பம்புசெட்டா?' என்று ஒருவர் கேட்பார். 'கண்ணாடின்னா பீரோ கண்ணாடியா?' என்று இன்னொருவர் கேட்பார். விட வேண்டியது உணர்ச்சியை. இங்கே விட்டுப்போனது வண்டி. புதிதாக எழுதுகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். பூடகமாக எழுதுகிறேன் என்று நடந்ததையும் மறைத்துவிடுவார்கள். பொருள்களும் செய்கைகளும் பகல் வெளிச்சத்தில் இருக்க வேண்டும். குருகின் கால் எவ்வளவு மெல்லியது, அது எந்த மீனைப் பார்த்தது என்பதுவரை கபிலர் சொல்லிவிடுகிறார். தலைவியின் நெஞ்சைப் பற்றி மட்டும்தான் பேச்சே இல்லை. ஆகவே திருத்தம்:

ஞாயிறானா வண்டி ஏறி
ஸ்டாண்டு மேல ஓட விட்டு
நீ திருப்பி வச்ச கண்ணாடி
வேப்பங் கிளையும் வானமும்

'வண்டி' வந்ததும் கண்ணாடி எது என்பது தானாகத் தெளிந்துவிடுகிறது. 'கொஞ்ச நேரம்' போய் அந்த இடத்தில் 'ஸ்டாண்டு மேல' வந்திருக்கிறது. எஞ்சின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. இது வெறும் தகவல். ஆனால் கேட்பவர் இதை வண்டியோடு நிறுத்திக்கொள்ள மாட்டார்.

இந்த நாலு வரியில் ஒரு முற்றுவினைகூட இல்லை என்பதையும் கவனியுங்கள். 'ஏறி', 'விட்டு' இரண்டும் வினையெச்சம். ஏறி, ஓட விட்டு, அப்புறம் என்ன செய்தாள் என்பது வரவே இல்லை. நம் மொழியில் வினை கடைசியில்தான் வரும் என்பதால், அதை நிறுத்திவைத்தால் கேட்பவரின் காது அதற்காகக் காத்திருக்கும். மூன்றாவது வரி ஒரு பெயர்ச்சொல்லில் நிற்கிறது. நான்காவது வரி 'வானமும்' என்று நிற்கிறது. கிளையும் வானமும், சரி, வேறு எது அதில் தெரிய வேண்டியிருந்தது? அவள் முகமா, தெருமுனையில் வரும் ஆளா? 'அழுதேன்' என்று ஒரு வினையைப் போட்டு இந்த வாக்கியத்தை முடித்துவைத்தால், கேட்பவர் தேடுவதை அங்கேயே நிறுத்திவிடுவார்.

இப்போது தாளத்துக்கு வருவோம். முதல் மூன்று வரியும் 8 எண்ணிக்கையை நிரப்புகின்றன. நான்காவது வரியில் மூன்று சீர்தான், 6 எண்ணிக்கையோடு சொல் முடிந்துவிடுகிறது. கையில் தாளம் போடுகிறவருக்கு இது நன்றாகத் தெரியும்: கடைசித் துருதம், அதாவது ஒரு தட்டும் ஒரு வீச்சும், சொல் இல்லாமல் காலியாகக் கிடக்கிறது. பாட்டின் வேகத்தைப் பொறுத்து இது ஒன்று, ஒன்றரை விநாடி வரலாம். எழுதாமல் விட்ட வினை அந்த இரண்டு எண்ணிக்கைக்குள்தான் இருக்கிறது. அந்த இடைவெளிக்குப் பின் பல்லவி திரும்பும்போது மறுபடி 'ஞாயிறானா' என்று தொடங்கும். அடுத்த வாரம் வந்துவிட்டது. சரணம் பாடிவிட்டு வந்தாலும் இன்னொரு ஞாயிறு. எத்தனை வாரம் ஆயிற்று என்று எங்கும் சொல்ல வேண்டியதில்லை, பல்லவி திரும்பத் திரும்ப வருவதே அந்தக் கணக்கைச் சொல்லும்.

இந்த வரிகளை மறுபடியும் ஒருவரிடம் வாசித்துக் காட்டலாம். கதையைச் சொல்லாமல் இரண்டே கேள்வி கேட்க வேண்டும்: என்ன நடக்கிறது? அவளுக்கு எப்படி இருக்கிறது? முதல் கேள்விக்கு எல்லாரும் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு ஆளுக்கொரு சொல்லைச் சொன்னாலும் பரவாயில்லை. ஒருவர் ஏக்கம் என்பார், ஒருவர் கோபம் என்பார், ஒருவர் பிடிவாதம் என்பார். மூன்றும் ஒரே தெருவில் இருக்கிற வீடுகள். முதல் கேள்விக்கே பதில் சிதறினால் பாட்டு இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம்.

நம் பல்லவியைக் கேட்கிறவர் ஒரு சந்தேகம் எழுப்பக்கூடும்: 'ஆள் வெளியூர் போயிருக்கானா, இல்ல இறந்துட்டானா?' நியாயமான கேள்வி. இரண்டுக்கும் இந்த வரிகள் பொருந்துகின்றன. படத்தில் காட்சி இருந்தால் பிரச்சினை இல்லை. பழைய அகப்பாட்டுகளுக்கும் இந்தச் சிக்கல் இருந்ததால்தான் ஒவ்வொன்றின் கீழும் யார் யாரிடம் எந்த நிலையில் சொன்னது என்று ஒரு குறிப்பு உண்டு. குறுந்தொகை 25இன் கீழேயும் வரைவு நீட்டித்த இடத்தில் தலைவி தோழிக்குச் சொன்னது என்று இருக்கும். உ.வே.சாமிநாதையர் 1937இல் கொண்டுவந்த பதிப்பை எடுத்துப் புரட்டினால், அந்தக் குறிப்பு இல்லாமல் நம்மில் பலர் எத்தனை பாட்டில் தடுக்கி விழுந்திருப்போம் என்பது தெரியும். சினிமாவுக்கு வெளியே தனியாக ஒலிக்கும் பாட்டுக்குக் காட்சியும் கிடையாது, துறைக்குறிப்பும் கிடையாது. அந்த வேலையைச் சரணத்தின் முதல் வரிதான் செய்ய வேண்டும். 'பேட்டரி செத்துப் போகுமுன்னு போகும்போது சொன்ன நீ, வரும் தேதி சொல்லலியே' என்கிற பொருளில் ஒரு வரி வந்தால் போதும். ஆள் உயிரோடு இருக்கிறான், போயிருக்கிறான், எப்போது வருவான் என்று தெரியாது. 'செத்து' என்ற சொல் பேட்டரிக்குச் சொன்னதாகவே இருக்கட்டும். அதற்குமேல் விளக்கினால் கெட்டது.

இவ்வளவு கவனமாக எழுதிய இடைவெளி ஒலிப்பதிவுக்கூடத்தில்தான் பெரும்பாலும் பறிபோகும். காலியாக விட்ட இரண்டு எண்ணிக்கையைப் பார்த்ததும் யாருக்காவது கை துறுதுறுக்கும். ஒரு புல்லாங்குழல் துணுக்கு, கோரஸில் ஒரு 'ஓஓ', அல்லது பாடகியிடம் 'அந்த இடத்துல லேசா ஒரு விம்மல் குடுங்கம்மா' என்று ஒரு யோசனை. விம்மல் வந்துவிட்டால் அடித்துவிட்ட 'தேம்புகின்றேன்' கொல்லைப்புறம் வழியாகத் திரும்ப வந்துவிட்டது என்று பொருள். எழுத்திலேயே இதைக் கெடுத்துக்கொள்வதும் உண்டு. கடைசிச் சரணத்தில் பயம் வந்து, 'இதுதான் காதலா' என்று ஒரு வரி சேர்ப்பார்கள். அதுவரை கேட்பவர் தானாகக் கண்டுபிடித்த எல்லாவற்றுக்கும் அந்த வரி விடைத்தாளை நீட்டிவிடும். தாளில் மூன்று புள்ளி வைப்பதால் இடைவெளி வந்துவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். புள்ளியை யாரும் பாட முடியாது. எண்ணிக்கையில் இடம் விட்டால்தான் அது காதில் விழும்.

எல்லாக் காதல் பாட்டுக்கும் இது பொருந்தாது. திருவிழாவில் ஆடுவதற்கான பாட்டு, எதிரெதிரே நின்று கேலி செய்கிற பாட்டு, கல்யாண வீட்டில் போடுகிற பாட்டு எல்லாம் உடைத்துச் சொன்னால்தான் நிற்கும். அங்கே பேச்சு அடங்கினால் கூட்டம் கலைந்துவிடும். பேசுபவருக்குச் சொல்ல முடியாத காரணம் ஒன்று இருக்கிறபோதுதான், வெட்கமோ வீம்போ பயமோ, சொல்லாமல் விடுவதற்குப் பலம் வரும். அந்தக் காரணம் இல்லாத பாத்திரத்தை வாயடைக்க வைத்தால் அது எழுத்தாளரின் சாமர்த்தியமாகத்தான் தெரியும்.

பாட்டெழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விட்ட இடத்தைத் தாளிலேயே குறித்துக் கொடுங்கள். நான்காவது வரிக்குப் பக்கத்தில் 'இங்கே 2 எண்ணிக்கை காலி, வாத்தியம் வேண்டாம்' என்று எழுதி, ஒலிப்பதிவு அன்று நேரில் போய் உட்காருங்கள்.